உளவியல் சிகிச்சைப் பயிற்சி முடித்துக் கிளம்பும் மாணவிக்கு: முதல் வருடத்துச் சந்தேகங்களும் என் பதில்களும்

"மேடம், திங்கட்கிழமை வேலைக்குச் சேர்றேன். தனியா ஒருத்தர் முன்னாடி உட்கார பயமா இருக்கு. எனக்கு ஒரு லெட்டர் எழுதித் தாங்களேன்."

அன்புள்ள மாணவிக்கு,

எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன்னுடைய கேள்விகளை உனக்கு முன்னால் படித்துப் போனவர்களும் கேட்டிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களில் ஃபோன் வரும், கேட்பது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அதனால் கடிதத்தைக் கேள்வி பதிலாகவே எழுதிவிட்டேன். நடுவில் வரும் விசைத்தறித் தொழிலாளியின் கதை ஒரே ஆளுடையதல்ல. பலருடைய விவரங்களைக் கலந்து, யார் என்று தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

"முதல் தடவை பார்க்கும்போதே என்ன பிரச்சினைன்னு சொல்லத் தெரியணுமா?"

வேண்டாம். முதல் நாளிலேயே முடிவெடுக்க வேண்டியவை மிகச் சில. உயிருக்கு ஆபத்து இருக்கிறதா, நினைவு தடுமாறுகிறதா, இல்லாத குரல்கள் கேட்கின்றனவா, உடனே மருத்துவர் பார்க்க வேண்டிய நிலையா என்பவைதான் அவை. மற்றதெல்லாம் இரண்டு மூன்று சந்திப்புகள் காத்திருக்கலாம்.

ஆனால் மனம் காத்திருக்காது. வந்தவர் பேச ஆரம்பித்துப் பத்து நிமிடத்துக்குள் உனக்குள் ஒரு விளக்கம் உருவாகிவிடும், அதைத் தடுக்க முடியாது. அதன்பின் நீ கேட்கும் கேள்விகள் எல்லாம் அந்த விளக்கத்தைப் பலப்படுத்தவே போகும். அதனால் குறிப்பேட்டின் பக்கத்தை மூன்றாகப் பிரித்துக்கொள். முதல் பகுதியில் அவர் சொன்னதும் நீ கண்ணால் பார்த்ததும் மட்டும் வரட்டும். இரண்டாவதில் உன் ஊகம். மூன்றாவதில், எது தெரியவந்தால் அந்த ஊகம் தப்பு என்று ஒப்புக்கொள்வாய் என்பது. மூன்றாவது பகுதி காலியாக இருந்தால் இரண்டாவதில் இருப்பதை நீ ஊகமாக அல்ல, உண்மையாகவே நம்ப ஆரம்பித்துவிட்டாய் என்று பொருள்.

"அந்த மூணாவது பகுதியில என்னதான் எழுதறது? உதாரணம் சொல்லுங்க."

பள்ளிபாளையம் பக்கத்திலிருந்து 46 வயதுக்காரர் ஒருவர் வருகிறார். விசைத்தறியில் வேலை, ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், மறு வாரம் இரவு. "தூக்கமே இல்லைங்க, உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, எதுலயும் மனசு நிக்கல, வீட்ல எரிஞ்சு விழறேன்" என்கிறார். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இவ்வளவும் முதல் பகுதிக்குப் போகும்.

இரண்டாவதில் பெரும்பாலான புதியவர்கள் எழுதுவது: கடன் சுமையால் வந்த மனச்சோர்வு. நல்ல ஊகம்தான். மூன்றாவதில் இப்படி எழுதலாம்: "பகல் ஷிஃப்ட் வாரத்தில் நன்றாகத் தூங்கித் தெளிவாக இருந்தால், காரணம் மனச்சோர்வாக இல்லாமல் ஷிஃப்டாக இருக்கலாம். ஏழு மணி நேரம் தூங்கிய பிறகும் காலையில் அசதியாக எழுந்தால், இரண்டுமே போதாது, உடம்பைப் பார்க்க வேண்டும். தூங்குவதற்காகக் குடிக்கிறாரா என்று இன்னும் கேட்கவில்லை." ஒவ்வொரு வரியும் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயமாக இருப்பதைக் கவனி. "வேறு காரணமும் இருக்கலாம்" என்று மட்டும் எழுதினால் அதனால் எந்தப் பயனும் இல்லை.

"பி.எச்.க்யூ-9ல 16 வந்துச்சு. அப்போ மனச்சோர்வுதானே மேடம்?"

மனச்சோர்வின் அறிகுறிகளை அளக்கும் அந்தக் கேள்விப் படிவம் கடந்த இரண்டு வாரத்தில் ஒன்பது தொந்தரவுகள் எவ்வளவு அடிக்கடி இருந்தன என்று கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 15ஐத் தொட்டால் மிதத்துக்கும் மேலான தீவிரம் என்று நீ படித்திருக்கிறாய். ஆனால் அது தொந்தரவின் அளவைத்தான் சொல்கிறது, ஏன் வந்தது என்று சொல்லாது.

எனவே கூட்டுத்தொகையோடு நிறுத்தாமல் வரி வரியாகப் பார். தூக்கம், அசதி, பசி, கவனம், உடல் அசைவின் வேகம் ஆகிய ஐந்தும் உடம்பில் ஏற்படும் கோளாறுகளாலும் கெடக்கூடியவை. நம் தறித் தொழிலாளிக்குத் தூக்கம் 3, அசதி 3, பசி 1, கவனம் 3, அசைவு 2 என்று இந்த ஐந்திலேயே 12 வந்திருக்கிறது. ஆர்வமின்மை 2, மனம் வாடியிருப்பது 1, தன்னைத்தானே குறை சொல்வது 1, சாவைப் பற்றிய எண்ணம் 0. மனதைப் பற்றிய நான்கு வரிகளில் வெறும் 4. இதே 16 வேறொருவருக்கு நேர்மாறாகப் பிரிந்து வந்திருக்கலாம். அந்த இரண்டு பேரும் ஒரே சிகிச்சைக்கு உரியவர்கள் அல்ல.

"நாலு தடவை பார்த்தாச்சு, ஒண்ணும் மாறல. அவர் ஒத்துழைக்கலைன்னு எழுதிடலாமா?"

எழுதாதே. அந்த வார்த்தையை எழுதியதும் ஆராய்வது நின்றுவிடும். முதலில், மாறவில்லை என்பதை எப்படிச் சொல்கிறாய்? இவருக்கு நான்காவது சந்திப்பில் 15 வந்தது. ஒரு புள்ளி குறைந்ததை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்தப் படிவத்தில் ஐந்து புள்ளிகளாவது மாறினால்தான் கணக்கில் வைப்பது வழக்கம். கொடுத்த வேலைகளை அவர் செய்திருக்கிறார், காலையில் நடந்திருக்கிறார், தம்பி வீட்டுக்குப் போய் வந்திருக்கிறார். ஆக ஒத்துழைப்பில் குறையில்லை. ஊகத்தில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

இங்கேதான் மூன்றாவது பகுதி கைகொடுக்கிறது. இரண்டு வாரத்துக்குத் தூக்கக் குறிப்பு எழுதச் சொன்னோம்: படுத்த நேரம், எழுந்த நேரம், எழுந்தபோது எப்படி இருந்தது. பகல் ஷிஃப்ட் வாரத்தில் ஆறரை, ஏழு மணி நேரம் தூங்கியிருக்கிறார். அந்த நாட்களிலும் தலைவலியோடு, அசந்துபோய்த்தான் எழுந்திருக்கிறார். ஷிஃப்ட் மட்டும் காரணமல்ல என்று தெரிந்துவிட்டது. தூங்கும்போது என்ன நடக்கிறது என்று அவருக்கே தெரியாதே, அதனால் அவருடைய சம்மதத்தோடு மனைவியைக் கேட்டோம். "குறட்டை அப்படி விடுவார், திடீர்னு மூச்சே நின்ன மாதிரி இருக்கும், அப்புறம் திணறிட்டு எழுந்திருப்பார்" என்றார். பகலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாராம்.

நுரையீரல் மருத்துவரிடம் அனுப்பினோம். இரவுத் தூக்கப் பரிசோதனையில், தூக்கத்தில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோய் என்று தெரிந்தது. மூச்சுக் கருவி மாட்டித் தூங்கப் பழகினார். முதலில் முகமூடி ஒத்துக்கொள்ளாமல் தினமும் கழற்றிப் போட்டார். அதைப் பழக்குவதும் நம் வேலையாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து மொத்தம் 7. தூக்கம் 1, அசதி 1, கவனம் 1, பசியும் அசைவும் 0. ஆர்வமின்மை 1, மனவாட்டம் 1. ஆனால் தன்னைக் குறை சொல்வது 1லிருந்து 2 ஆகியிருந்தது. தெளிவு வந்ததும்தான் கடனைப் பற்றி உட்கார்ந்து யோசிக்கவும் பேசவும் முடிந்திருக்கிறது. உன் முதல் ஊகம் முழுப் பொய்யாகவும் இல்லை, முழுக் கதையாகவும் இல்லை.

"உடம்புக் கோளாறெல்லாம் டாக்டர் பார்க்க வேண்டியதில்லையா? நாம எதுக்கு?"

கண்டுபிடித்துச் சொல்வது மருத்துவர் வேலைதான். ஆனால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பது நீ. கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் அந்த மனைவியிடம் குறட்டையைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு, சில மாத்திரைகள் ஆகியவையும் மனச்சோர்வு போலவே தோன்றக்கூடும். அதனால் கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்தார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று முதல் சந்திப்பிலேயே கேள்.

மருத்துவருக்கு எழுதும் கடிதத்தில் நோயின் பெயரை நீ வைக்காதே. பார்த்ததை எழுது: "ஏழு மணி நேரம் தூங்கியும் அசதி, காலையில் தலைவலி, மூச்சு நிற்பதாக மனைவி சொல்கிறார், பகலில் தூங்கிவிடுகிறார். பரிசோதித்துச் சொல்லக் கேட்டுக்கொள்கிறேன்." இப்படி எழுதினால் படிப்பவர் மதித்துப் பதில் எழுதுவார்.

"முகத்தைப் பார்த்தாலே தெரியுது. ஒவ்வொரு தடவையும் ஃபார்ம் கொடுக்கணுமா?"

முன்னேறுகிறவர்களின் முகம் தெரியும். மோசமாகிறவர்களின் முகம் நமக்குத் தெரிவதில்லை, இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2005ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஒரு பல்கலைக்கழக ஆலோசனை மையத்துச் சிகிச்சையாளர்களிடம் தங்களிடம் வருபவர்களில் யார் முடிவில் மோசமாவார்கள் என்று கணிக்கச் சொன்னார்கள். 550 பேரில் 3 பேர் என்றார்கள். உண்மையில் மோசமானவர்கள் 40 பேர். கணித்த மூவரில் ஒருவர்தான் அந்த நாற்பதில் இருந்தார். அவர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்ல. எதிரில் இருப்பவர் சிரித்துப் பேசி நன்றி சொல்லிவிட்டுப் போகும்போது மோசமாகிறார் என்று யாருக்குத் தோன்றும்?

நம் ஊரில் இது இன்னும் கடினம். "பரவாயில்லைங்க மேடம்" என்பது மரியாதைக்காகவும் வரும். அதனால் சந்திப்பு தொடங்கும் முன் படிவத்தை நிரப்பச் சொல். படிக்கத் தெரியாதவருக்கு நீயே வாசித்துக் காட்டு. முடிவில், "இன்னிக்குப் பேசினதுல எது உங்களுக்கு உதவல?" என்று கேள். "உதவிச்சா?" என்று கேட்டால் "ஆமாங்க" என்ற பதில்தான் வரும்.

"அனுபவம் வந்தா இதெல்லாம் தானா வந்துடாதா?"

வரும் என்றுதான் நானும் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆனால் 2016ல் வந்த ஒரு பெரிய ஆய்வில் 170 சிகிச்சையாளர்களையும் அவர்களிடம் வந்த 6,500க்கும் மேற்பட்டவர்களையும் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். அனுபவம் கூடக்கூட சராசரிப் பலன் ஏறவில்லை, மிகச் சிறிய அளவில் இறங்கியது. பாதியில் நின்றுவிடுவோர் எண்ணிக்கை மட்டும் குறைந்தது. சிலர் வருடத்துக்கு வருடம் முன்னேறவும் செய்தார்கள். ஆகவே அனுபவம் வீண் என்று எடுத்துக்கொள்ளாதே, வருடங்கள் மட்டும் போதாது என்று எடுத்துக்கொள்.

காரணம் எனக்குப் புரிகிற வரை இதுதான்: நம் தொழிலில் தப்பு நமக்குத் திரும்பித் தெரியவருவதில்லை. தையல்காரர் அளவு தப்பினால் சட்டையைப் போட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிடும். நம்மிடம் பயன் கிடைக்காதவர் சத்தமில்லாமல் நின்றுவிடுவார், பயன் கிடைத்தவர் இனிப்போடு வருவார். இனிப்பு கொண்டுவந்தவர்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பத்து வருடம் ஓட்டிவிடலாம். அதனால் வராமல் நின்றவர்களின் பட்டியல் ஒன்றைத் தனியாக வை. முதல் நாளிலேயே சம்மதம் வாங்கிக்கொண்டால், நின்ற சில வாரங்கள் கழித்து ஒரு முறை ஃபோன் செய்யலாம். திரும்ப வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல், ஏன் நின்றார்கள் என்று மட்டும் கேள். பஸ் செலவு, மாமியாரின் கேள்வி, நீ சொன்ன ஏதோ ஒரு வார்த்தை என்று வரும் பதில்கள் எந்த வகுப்பிலும் கிடைக்காதவை.

"குடும்பத்துல 'எப்ப சரியாகும்'னு கேக்கறாங்க. தெரியலைன்னு சொன்னா நம்பிக்கை போயிடுமே?"

"தெரியலை" என்று சொல்லி அங்கேயே நிறுத்தினால் போகும். தெரியாததோடு அடுத்து என்ன செய்யப் போகிறாய் என்பதையும் சேர்த்துச் சொல். "இது எதனால வந்துச்சுன்னு இப்பவே உறுதியா சொல்ல முடியாதுங்க. நாலு வாரம் இப்படிச் செஞ்சு பார்ப்போம். அதுக்குள்ள இந்த ஸ்கோர் அஞ்சு புள்ளியாவது குறையலைன்னா வழியை மாத்துவோம், தேவைப்பட்டா வேற டாக்டர்கிட்டயும் அனுப்புவேன்." இதைக் கேட்டவர்கள் எழுந்து போய் நான் பார்த்ததில்லை. கெடு சொல்லியிருப்பதால் நீயும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.

"நான் சென்னையில வளர்ந்தவ. தறி ஓட்டறவங்க வாழ்க்கை எனக்குத் தெரியாது. கேட்டா, இவளுக்கு என்ன தெரியும்னு நினைப்பாங்களோ?"

தெரிந்தது போல் பேசினால்தான் அப்படி நினைப்பார்கள். மேலே சொன்னவரிடமே வருவோம். அசதியும் எரிச்சலும் ஷிஃப்டால்தான் என்று நினைக்கும் ஒரு புதியவர், "வேற வேலை பார்க்கலாமே?" என்று சொல்லிவிடுவார். பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதித் தறிப்பட்டறைகளில் முதலாளியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்குச் சேரும் வழக்கம் உண்டு. அதைத் திருப்பிக் கொடுக்காமல் இடம் மாற முடியாது. புது முதலாளி பழைய முன்பணத்தை அடைத்துக் கூட்டிப்போனால், கடன் அவரிடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். இது தெரியாமல் சொல்லும் யோசனை, அவர் காதில் "உனக்கு முயற்சி போதவில்லை" என்றுதான் விழும்.

எனவே ஒரு நாளை மணி மணியாகக் கேள். எத்தனை மணிக்கு எழுவார், தறிக்கு எப்படிப் போவார், எத்தனை தறி பார்ப்பார், சாப்பாட்டுக்கு யார் மாற்றுக்கு நிற்பார்கள், வாரக் கூலியில் முன்பணத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள், மீதி யார் கைக்குப் போகும். தன் வேலையைப் பற்றிப் பேசும்போது பலருக்கும் முதுகு நிமிரும். சாதி, குடி, கடன் போன்றவை நீ கேட்காமலே இந்த வழியில் வரும். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஒன்றை யோசி: இந்தப் பதிலை வைத்து அவருக்காக என்ன செய்யப் போகிறேன்? பதில் இல்லையென்றால் கேட்காதே. உன் ஆவலைத் தீர்த்துக்கொள்ள அவருடைய நேரம் போகக்கூடாது.

"சாகணும்னு தோணுதான்னு நேரடியா கேட்டா, இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகாதா?"

ஆகாது. கேட்பதால் எண்ணம் வருவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பி.எச்.க்யூ-9ன் ஒன்பதாவது வரியில் 0 தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே பேசியாக வேண்டும். எண்ணம் எவ்வளவு அடிக்கடி வருகிறது, வழி யோசித்தாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, முன்பு முயன்றிருக்கிறாரா, எது அவரைத் தடுத்து நிறுத்துகிறது என்று தெளிவான சொற்களில் கேள். கிராமத்து வீடுகளில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று கண்டிப்பாகக் கேட்டு, அதை வீட்டை விட்டு அப்புறப்படுத்தக் குடும்பத்தோடு ஏற்பாடு செய்.

நான் ஊகத்தைப் பற்றிச் சொன்ன எதையும் இங்கே பொருத்தாதே. இங்கே சந்தேகம் வந்தால் ஆபத்து இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு, அன்றே மனநல மருத்துவரிடமும் மேற்பார்வையாளரிடமும் சொல். இந்த முடிவைத் தனியாகச் சுமக்காதே. கிளம்பும்போது அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி-மனஸ் 14416ஐ அவர் ஃபோனில் பதிந்து கொடு.

"என் மேற்பார்வையாளர் சொல்றது தப்புன்னு தோணினா என்ன செய்ய?"

பணிவு என்பது பேசாமல் இருப்பதல்ல. உன் குறிப்பேட்டின் முதல் பகுதியோடு போ. "நீங்க சொல்றது சரியில்லை" என்று தொடங்காமல், "சார், ஏழு மணி நேரம் தூங்கின நாள்லயும் அசதின்னு எழுதியிருக்கார். நம்ம விளக்கத்துல இது எங்க வருதுன்னு புரியல" என்று கேள். இதைப் பார்த்ததும் ஒன்று அவர் தன் கருத்தை மாற்றுவார், இல்லை உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித்தருவார். இரண்டும் நடக்காமல் வந்தவருக்குக் கெடுதல் வரும்போல இருந்தால், துறையில் வேறொரு மூத்தவரிடம் கேட்கிறேன் என்று அவரிடமே சொல்லிவிட்டுக் கேள்.

"எல்லாத்தையும் சந்தேகப்பட்டா எப்படி மேடம் உறுதியா சிகிச்சை கொடுக்கிறது?"

இந்தக் கேள்வியை வழக்கமாக நல்ல மாணவர்கள்தான் கேட்கிறார்கள், கவலையும் நியாயமானதே. ஊகத்தில் சந்தேகம் வேண்டும். தேர்ந்தெடுத்த வழியைச் செய்து பார்ப்பதில் தயக்கம் கூடாது. அரைகுறையாகச் செய்தால் பலன் இல்லாதபோது ஊகம் தப்பா, செய்தது போதாதா என்று உனக்கே தெரியாமல் போகும்.

கை கழுவிக்கொண்டே இருக்கும் எண்ணச்சுழற்சி நோய் உள்ளவரை எடுத்துக்கொள். பயப்படும் பொருளைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கப் பழக்குவதுதான் இதற்கு நன்கு நிரூபணமான முறை. பஸ் கம்பியைத் தொட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார், வியர்க்கிறது, "மேடம், ஒண்ணும் ஆகாதுல்ல?" என்கிறார். இளகிய மனசுள்ள புதியவர் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிடுவார். அந்த ஆறுதல் இன்னொரு முறை கழுவியதற்குச் சமம், பயம் தானாக இறங்குவதை அவர் பார்க்காமலே போய்விடுவார். அங்கே நீ சொல்ல வேண்டியது: "பதில் சொல்லப் போறதில்லைங்க, நாம முன்னாடியே பேசிக்கிட்டபடி. பயம் இப்ப பத்துக்கு எவ்வளவு?" எண்ணை எழுதிக்கொள், ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேள். பதற்றத்தில் அவர் கோபித்துக்கொண்டாலும் நாற்காலியை விட்டு எழாதே. அந்த எண்கள் பல சந்திப்புகளாகியும் இறங்கவில்லையென்றால், அப்போது மூன்றாவது பகுதியைத் திறந்துகொண்டு எனக்கு ஃபோன் செய்.